படம் சொல்லும் பாதி: பழைய படகு எஞ்சினை இனங்காண்பதும் நிலையறிவதும்

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் இல்லை. ஆனால் நீர்ப்பரப்புக்குக் குறைவில்லை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டும்போது, அதன் பின்நீர் பென்னாகரம் வட்டத்துக்குள் வெகுதூரம் ஏறி நிற்கும். நாகமரையில் நின்றால் எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி தெரியும். ஓட்டனூரில் நின்றால் கோட்டையூர் தெரியும். இந்தத் துறைகளில் பரிசலும் ஓடுகிறது, விசைப்படகும் ஓடுகிறது. பரிசலில் வலை விரிப்பவருக்கு ஒருநாள் சிறிய ஃபைபர் படகும் அதற்கு ஓர் எஞ்சினும் வாங்கும் எண்ணம் வருவது இயல்பு.

புதிய எஞ்சினின் விலை கைக்கு எட்டாதபோது பழையதைத் தேடுகிறார். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்கள் பெரும்பாலும் கடற்கரை ஊர்களில்தான் கைமாறுகின்றன. கடலூரானாலும் நாகப்பட்டினமானாலும் தருமபுரியிலிருந்து இருநூறு, முந்நூறு கிலோமீட்டர். போய்ப் பார்த்துத் திரும்ப ஒருநாள் வேலையும் வண்டிச் செலவும் போகும். அதனால் முதலில் கைக்கு வருவது செல்பேசியில் நாலு படங்கள். அந்தப் படங்களை வைத்து என்ன எஞ்சின் என்று கண்டுபிடிக்க முடியுமா? அது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? இந்த இரண்டும் வேறுவேறு கேள்விகள். முதல் கேள்விக்குப் படம் ஏறக்குறைய முழு விடை தரும். இரண்டாவதற்குப் பாதி விடைதான் தரும். அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்வதில்தான் பணம் மிஞ்சுவதும் போவதும் இருக்கிறது.

எஞ்சினுக்கு முன் படகு

எஞ்சினின் படத்தைப் பார்ப்பதற்கு முன் தன் படகைப் பார்க்க வேண்டும். பரிசலில் அவுட்போர்டு எஞ்சின் மாட்ட முடியாது. மூங்கில் பின்னி, மேலே தார் பூசிய அந்த வட்டக் கலத்துக்கு எஞ்சினைக் கவ்வும் பின்பலகை கிடையாது. அடியில் நீளவாட்டில் நேராக ஓடும் கட்டையும் கிடையாது. பலகை ஒன்றைக் கட்டி மாட்டினாலும் தள்ளுவிசை ஒரு விளிம்பில் விழுவதால் பரிசல் முன்னே போகாமல் சுழலும். எனவே எஞ்சின் என்ற பேச்சு தொடங்குவதே பின்பலகையுள்ள படகோடுதான்.

அந்தப் பின்பலகையின் உயரம்தான் முதல் அளவு. பலகையின் மேல்விளிம்பிலிருந்து நேர்கீழாகப் படகின் அடிவரை டேப் வைத்து அளந்தால் 15 அங்குலத்தை ஒட்டியோ 20 அங்குலத்தை ஒட்டியோ வரும். எஞ்சின்களும் இதே இரண்டு நீளங்களில்தான் அதிகம் வருகின்றன. 15 அங்குலம் குட்டைத் தண்டு, 20 அங்குலம் நெட்டைத் தண்டு. புரொப்பல்லருக்கு மேலே கிடையாக ஓர் அகலத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை மாட்டியதும் அந்தத் தகடு படகின் அடிமட்டத்தோடு ஒட்டியோ ஓர் அங்குலம் தாழ்ந்தோ நிற்க வேண்டும். குட்டைப் பலகையில் நெட்டைத் தண்டை மாட்டினால் புரொப்பல்லர் ஐந்து அங்குலம் கூடுதலாக ஆழத்தில் சுழலும்.

கடலில் அந்த ஐந்து அங்குலம் பெரிய விஷயமில்லை. மேட்டூர் பின்நீரில் அதுவே பெரிய விஷயம். அணை நீர்மட்டம் ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும். நன்றாக இறங்கும் காலத்தில் பண்ணவாடித் துறையருகே மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். அவை வெளியே வருவதற்குச் சற்று முன்னால், தண்ணீருக்கு ஓரடி கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் நாட்களை நினைத்துப் பாருங்கள். ஒகேனக்கல் பக்கம் போகப் போகப் பாறையும் சேரும். இங்கே நெட்டைத் தண்டு வாங்குபவர் ஒவ்வொரு கோடையிலும் புரொப்பல்லருக்குப் பணம் கட்டுவார்.

தகடு பேசும், மூடி பேசாது

விற்பவர் அனுப்பும் முதல் படம் எப்போதும் எஞ்சினின் மேல்மூடியைத்தான் காட்டும். பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர், பக்கத்தில் குதிரைத்திறன் எண். மீனவர் கண் அங்கேதான் போகும். ஆனால் மூடி கழற்றி மாட்டக்கூடியது, ஒட்டி கடையில் கிடைப்பது. ஒரே கம்பெனியின் இரண்டு திறன்களுக்கு ஒரே அளவு எஞ்சின் இருப்பதும் உண்டு. யமஹாவின் இரண்டு ஸ்ட்ரோக் வகையில் 9.9F, 15F இரண்டும் 246 சி.சி. கொள்ளளவுதான். கார்புரேட்டர் போன்ற சில அமைப்புகளால்தான் திறன் மாறுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். மூடியை மாற்றினாலோ ஒட்டியை மாற்றினாலோ படத்தில் வித்தியாசம் தெரியாது. போதாததற்கு, வடிவில் யமஹாவை அப்படியே ஒத்த சீன எஞ்சின்களும் சந்தையில் உள்ளன. பார்சன், ஹைடியா அப்படிப்பட்ட பெயர்கள். அவை கெட்டவை என்று இதற்குப் பொருளில்லை. யமஹா விலை கொடுத்து அவற்றை வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் படம் தகட்டின் படம். படகைக் கவ்வும் பிடியின் இடப்புறத்திலோ அதன் மேற்பகுதியிலோ சிறு தகடு ஒன்று பதிந்திருக்கும். மாடல் பெயர், மாடல் குறியீடு, தண்டு உயரக் குறி, வரிசை எண் ஆகியவை அதில் இருக்கும். யமஹாவை எடுத்துக்கொண்டால், தகட்டில் E8DMHS என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். E என்பது எண்டியூரோ, அதாவது மீன்பிடி போன்ற கடும் உழைப்புக்கான வரிசை. 8 என்பது குதிரைத்திறன். D என்பது அந்த மாடலின் தலைமுறை. M என்றால் கயிறிழுத்துக் கிளப்புவது. H என்றால் கைப்பிடியால் திருப்புவது. S என்றால் குட்டைத் தண்டு. கடைசி எழுத்து L என்றிருந்தால் நெட்டைத் தண்டு. ஏழெட்டு எழுத்துகளில் எஞ்சினின் பிறப்புச் சான்றிதழே இருக்கிறது.

இதில் ஓரெழுத்து பலரைக் கவிழ்க்கிறது. யமஹாவில் F என்ற எழுத்து எண்ணுக்கு முன்னால் வந்தால், அதாவது F15 என்றிருந்தால், அது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். எண்ணுக்குப் பின்னால் 15F என்று வந்தால் அந்த F தலைமுறையை மட்டும் குறிக்கும், எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக். சுசுகியில் குழப்பம் குறைவு. DT என்றால் இரண்டு ஸ்ட்ரோக், DF என்றால் நான்கு ஸ்ட்ரோக். டொஹாட்சுவில் M இரண்டு ஸ்ட்ரோக், MFS நான்கு ஸ்ட்ரோக். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது பெயருக்காக இல்லை. சிறிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டும். பல மாடல்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். நான்கு ஸ்ட்ரோக் என்று நம்பி வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால், நடு ஏரியிலேயே பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். தகடு தெளிவாக இல்லாதபோது மூடியைக் கழற்றிய படத்தில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நான்கு ஸ்ட்ரோக்.

இன்னோர் எழுத்து K. யமஹாவின் EK வரிசையும், சுசுகியில் எண்ணுக்குப் பின் K வரும் வரிசையும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய்க்கு ஏற்றபடி இவற்றின் அழுத்தம் குறைத்து அமைக்கப்பட்டிருக்கும். கடற்கரை மீனவருக்கு மானிய மண்ணெண்ணெய் உண்டு என்பதால் அங்கே இவை பழக்கமானவை. நாகமரைக்காரருக்கு அந்த மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் K எஞ்சினை வாங்கக் கூடாது.

தகடே இல்லை, ஆணி துளைத்துப் பிடுங்கிய தடம் மட்டும் இருக்கிறது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அது திருட்டுப் பொருளாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் எந்த உதிரிபாகம் சேரும் என்று நாளை யாராலும் சொல்ல முடியாது. உதிரிபாகம் என்றதும் ஒரு செய்தி. விற்பனைக்கு வரும் பழைய எஞ்சின்களின் படங்களில் எவின்ரூட்டும் வரும். அந்தப் பெயரில் எஞ்சின் செய்வதை அதன் தயாரிப்பாளர் 2020இல் நிறுத்திவிட்டார். இனங்காண்பதன் பயனே இதுதான்: பெயர் தெரிந்தால் பாகம் கிடைக்குமா என்பது தெரிந்துவிடும்.

உப்பின் தடம்

இனி நிலை. கடற்கரையிலிருந்து வரும் எஞ்சினிடம் முதலில் கேட்க வேண்டியது வயதை இல்லை, உப்பை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கரையோர ஊர்களுக்கு ஃபைபர் படகுகளையும் எஞ்சின்களையும் ஏராளமாக வழங்கின. அக்காலத்து எஞ்சின்கூட ஒழுங்காகக் கழுவப்பட்டிருந்தால் இன்னும் ஓடும். மூன்றே வருட எஞ்சின் கழுவாமல் விடப்பட்டிருந்தால் உள்ளே புற்றுவைத்திருக்கும்.

காரணம் எளியது. அவுட்போர்டு எஞ்சினுக்கு ரேடியேட்டர் இல்லை. கீழே உள்ள பம்பு ஆற்றுநீரையோ கடல்நீரையோ உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றியுள்ள குறுகிய வழிகளில் ஏற்றி, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே விடுகிறது. கடல்நீர் ஓடிய பிறகு நல்ல தண்ணீரில் சில நிமிடம் ஓட்டிக் கழுவாவிட்டால், எஞ்சின் சூட்டில் தண்ணீர் ஆவியாகி உப்பு உள்ளேயே படியும். நாளடைவில் வழி குறுகும். குறுகிய வழியில் தண்ணீர் குறையும், சூடு ஏறும்.

மூடியைக் கழற்றிய படத்தில் இதன் தடம் தெரியும். சிலிண்டர் தலையின் போல்டுகளைச் சுற்றியும் மூடித்தகடுகளின் இணைப்பிலும் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா? பெயிண்டின் அடியில் கொப்புளம் போல உப்பியிருக்கிறதா? மின்கம்பி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா? சிலிண்டர் தலையருகே பெயிண்ட் மட்டும் பழுப்பேறிக் கருகியிருக்கிறதா? கடைசியாகச் சொன்னது மிக மோசமான அறிகுறி. எஞ்சின் ஒருமுறையாவது அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று பொருள். ஏரியில் ஓடிய எஞ்சினில் வெள்ளைப் பொருக்கு இருக்காது, காய்ந்த வண்டல்தான் செம்மண் நிறத்தில் ஒட்டியிருக்கும்.

அடுத்து போல்டுகளின் தலைகளை உற்றுப் பாருங்கள். கீழ்க் கியர்பெட்டியைத் தண்டோடு இணைக்கும் போல்டுகளில் ஸ்பேனர் தேய்த்த பளபளப்பு இருந்தால் மகிழுங்கள். யாரோ அதை அவிழ்த்து பம்பின் ரப்பர் இம்பெல்லரை மாற்றியிருக்கிறார்கள். அந்த போல்டுகளின் மேல் பெயிண்ட் முழுசாக மூடியிருந்தால், ஒன்று அவை அவிழ்க்கப்பட்டதே இல்லை, அல்லது விற்பனைக்காக மேலே அடிக்கப்பட்ட பெயிண்ட் அது. உப்புநீரில் இரும்பு போல்டு அலுமினியத்தோடு பிடித்துக்கொள்ளும். அவிழ்க்கப் போனால் தலை முறியும். இம்பெல்லர் சிறிய விலைதான். அதை மாற்ற விடாத போல்டுதான் பெரிய செலவு.

கீழே துத்தநாகக் கட்டி ஒன்று பதிந்திருக்கும். எஞ்சினின் அலுமினியம் அரிக்கப்படாமல் இருக்கத் தன்னைத்தானே அரிக்கக் கொடுக்கும் கட்டி அது. பாதி கரைந்திருந்தால் தன் வேலையைச் செய்திருக்கிறது, அது நல்ல அறிகுறி. முற்றிலும் காணாமல் போய், பக்கத்து அலுமினியத்தில் குழிகள் விழுந்திருந்தால் யாரும் கவனிக்கவில்லை. கட்டியின் மேல் பெயிண்ட் அடித்திருந்தால் விற்பவருக்கு விவரம் தெரியாது, அல்லது வாங்குபவருக்குத் தெரியாது என்று நினைக்கிறார். பெயிண்ட் அடித்த கட்டி வேலை செய்யாது.

வலைநரம்பு அறுக்கும் சீல்

தங்கூசி வலை விரிக்கும் எந்த ஊரிலும் அவுட்போர்டு எஞ்சினுக்கு வரும் முதல் நோய் கீழ்க் கியர்பெட்டியில்தான். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேட்டூர் பின்நீரிலும் அதே நரம்புதான்.

கிழிந்த வலையின் நரம்புத்துண்டு ஒன்று நீரில் மிதக்கிறது. சுழலும் புரொப்பல்லர் அதை இழுத்துத் தண்டில் சுற்றுகிறது. சுற்றச் சுற்ற அது புரொப்பல்லருக்கும் கியர்பெட்டிக்கும் இடையே ஒதுங்கி, தண்டு கியர்பெட்டிக்குள் நுழையும் இடத்தில் சேர்கிறது. அங்கே இருப்பது ரப்பர் ஆயில் சீல். சூட்டில் இறுகிய நரம்பு கத்தியைப் போல அந்த சீலை அறுக்கிறது. அதன் பிறகு உள்ளே இருக்கும் கியர் ஆயில் சிறிது சிறிதாக வெளியே கசியும், தண்ணீர் உள்ளே புகும். எஞ்சின் மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். சத்தமும் வராது. சில மாதம் கழித்து பேரிங்கும் கியரும் துருவேறித் தேயும்போதுதான் தெரியும்.

படத்தில் இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. விற்பவரிடம் புரொப்பல்லரைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு நட்டும் ஒரு கொண்டைப்பின்னும்தான், ஐந்து நிமிட வேலை. தண்டின் அடியைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் வேண்டும். நரம்பு சுற்றியிருந்தால் வெள்ளை வளையம்போலத் தெரியும். பிறகு கியர்பெட்டியின் கீழ்த் திருகாணியை லேசாக நெகிழ்த்தி ஐந்தாறு சொட்டு ஆயிலை வெள்ளைத் துணியில் விழச் செய்து படம் கேளுங்கள். எஞ்சின் ஓர் இரவு அசையாமல் நின்ற பிறகு இதைச் செய்வது நல்லது. தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கி முதலில் சொட்டும். தேன் நிறத்திலோ கருத்தோ இருந்தால் சரி. பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது. துணியில் வெள்ளிப்பொடி போல மினுமினுத்துக் கைக்கு நெருடினால் கியரே தேய்ந்திருக்கிறது. பால் நிறம் விலை குறைக்கக் காரணம். கண்ணுக்குத் தெரியும் உலோகத் துணுக்கு வாங்காமல் விடக் காரணம்.

இதே சமயத்தில் புரொப்பல்லருக்குக் கீழே நீட்டியிருக்கும் துடுப்புபோன்ற நுனியையும் பாருங்கள். அது உடைந்து பற்றவைத்த தழும்பு இருந்தால் எஞ்சின் எதிலோ பலமாக மோதியிருக்கிறது. மோதிய எஞ்சினில் புரொப்பல்லர் தண்டு வளைந்திருக்கக்கூடும். நின்ற படத்தில் அது தெரியாது. கையால் மெல்லச் சுழற்றும்போது எடுத்த வீடியோவில் தண்டின் முனை வட்டமடித்தால் தெரியும்.

படம் தொட முடியாத இடம்

சிலிண்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை எந்தப் படமும் காட்டாது. அதற்கு நெருங்கிய சாட்சி ஸ்பார்க் ப்ளக். ப்ளக்குகளைக் கழற்றி, மேல் சிலிண்டருடையது எது, கீழ்ச் சிலிண்டருடையது எது என்று எழுதி, ஒரு தாளில் வைத்து எடுத்த படம் பாதி உள்ளத்தைத் திறந்து காட்டும். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நல்ல எரிப்பு. கருத்து ஈரமாக இருந்தால் ஆயில் கூடியிருக்கலாம், அல்லது அந்தச் சிலிண்டர் சரியாக எரியாமல் இருக்கலாம். வெளுத்து, மேலே சிறு உலோகப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது. இரண்டு ப்ளக்குகளும் ஒரே நிறத்தில் இருப்பதுதான் முக்கியம். புத்தம் புதிய ப்ளக்குகளின் படம் வந்தால் அது எதையும் சொல்லவில்லை. பழையவற்றைக் கேளுங்கள்.

அதற்கு மேல் கம்ப்ரஷன் சோதனை. ப்ளக் துளையில் மீட்டரைத் திருகி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து, கயிற்றை ஐந்தாறு முறை இழுத்தால் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று தெரியும். எண் பெரிதா சிறிதா என்பது மாடலைப் பொறுத்தது. K வகையில் இயல்பிலேயே குறைவாகத்தான் வரும். பார்க்க வேண்டியது இரண்டு சிலிண்டர்களுக்கும் உள்ள வித்தியாசம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. இருபதைத் தாண்டினால் ரிங்கோ சிலிண்டரோ போய்விட்டது.

ஓட்டிக் காட்டும் வீடியோவிலும் கவனம் வேண்டும். கிளப்புவதற்கு முன் விற்பவர் சிலிண்டர் தலைமேல் வெறுங்கையை வைத்துக் காட்ட வேண்டும். முன்பே சூடேற்றிய எஞ்சின் ஓரிழுப்பில் கிளம்புவதில் வியப்பில்லை. குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதுதான் செய்தி. எஞ்சின் தண்ணீர்த் தொட்டியிலோ படகிலோ இருக்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஓட்டிக் காட்டுபவர், காட்டும்போதே இம்பெல்லரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். கிளம்பிய சிறிது நேரத்தில் பின்புறச் சிறுதுளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். பலர் இந்த நீர்த்தாரையைப் பார்த்ததும் குளிர்விப்பு சரி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பம்பு வேலை செய்கிறது என்பதை மட்டும் காட்டும். உள்வழிகள் எல்லாம் திறந்திருக்கின்றன என்பதைக் காட்டாது. பத்து நிமிடம் ஓட்டிய பிறகு சிலிண்டர் தலையில் தண்ணீர்ச் சொட்டு பட்டால் சுர்ரென்று ஆவியாகக் கூடாது.

படம் அனுப்பும் முறையிலும் ஒரு குறிப்பு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், தகட்டு எழுத்து குழம்பும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். தண்ணீர் தெளித்த எஞ்சினும் டீசல் துடைத்த எஞ்சினும் படத்தில் புதிதுபோல் மின்னும். காய்ந்த எஞ்சினை, காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுக்கச் சொன்னால் பள்ளமும் கொப்புளமும் நிழல்விட்டுக் காட்டும்.

ஒரு கணக்கு

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு விற்பனையை நடத்திப் பார்ப்போம். ஓட்டனூரில் ஒருவருக்கு ஃபைபர் படகு இருக்கிறது, பின்பலகை 15 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையிலிருந்து விளம்பரம் வருகிறது: யமஹா 15 எச்.பி., குறைவாக ஓடியது.

குறைவாக ஓடியது என்பதைச் சரிபார்க்க வழியில்லை. கைப்பிடி வகைச் சிறிய எஞ்சின்களில் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் கருவி பொதுவாக இருப்பதில்லை. தகட்டின் படம் கேட்கிறார். வருவது 9.9FMHL. மூடி 15 என்கிறது, தகடு 9.9 என்கிறது. மூடி மாறியிருக்கிறது. எஞ்சின் கெட்டது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அவருடைய படகுக்கு 9.9 போதும் என்றால் 9.9இன் விலைக்குப் பேசலாம். கடைசி எழுத்து L. தண்டு ஐந்து அங்குலம் நீளம். பின்பலகையைக் கட்டை வைத்து உயர்த்தினால் இதுவும் சரியாகும். அந்தச் செலவும் விலையில் கழியும்.

மூடி கழற்றிய படத்தில் சிலிண்டர் தலையின் போல்டுகளில் இரண்டு மட்டும் புதிதாக மின்னுகின்றன. தலை திறக்கப்பட்டிருக்கிறது. ஏன் திறந்தீர்கள் என்று கேட்டால் விடை தெளிவாக வரவில்லை. கியர் ஆயில் பால்காபி நிறம். சீலை மாற்றினால் தீரும். இதுவரை எல்லாமே பேரத்துக்குரிய குறைகள்.

ப்ளக் படத்தில் கதை திரும்புகிறது. மேல் சிலிண்டர் ப்ளக் பழுப்பு, கீழ்ச் சிலிண்டர் ப்ளக் வெளுப்பு. இந்த எஞ்சினில் ஒரே கார்புரேட்டர்தான் இரண்டு சிலிண்டருக்கும் ஊட்டுகிறது. கார்புரேட்டர் கெட்டிருந்தால் இரண்டும் வெளுத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெளுத்தால் சந்தேகம் வேறு இடத்துக்குப் போகிறது. கிராங்க்கின் கீழ்ச் சீல் வழியாகக் காற்று புகுந்திருக்கலாம், அல்லது கீழ்ச் சிலிண்டரைச் சுற்றிய நீர்வழி அடைத்திருக்கலாம். அந்த ஊர் மெக்கானிக் ஒருவரைப் பணம் கொடுத்து மீட்டர் வைக்கச் சொல்கிறார். மேலே 110, கீழே 85. வித்தியாசம் 25, அதாவது இருபது சதவீதத்துக்கு மேல். தலை ஏன் திறக்கப்பட்டது என்பதற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். செலவு மெக்கானிக்கின் கூலி மட்டும்.

இரண்டு எண்களும் 110, 105 என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? உடனே பணம் அனுப்பியிருக்கக் கூடாது. அப்போதுதான் பேருந்து ஏற வேண்டும்.

முடிவு

ஒரு படத்தால் எஞ்சின் எது, எந்த அளவு, எந்த எரிபொருள், என் படகுக்குச் சேருமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். நிலையைப் பற்றி அது சொல்வதில் மறுப்பை நம்பலாம், ஒப்புதலை நம்பக் கூடாது. கருகிய பெயிண்டும் உலோகத் துணுக்கும் வெளுத்த ப்ளக்கும் படத்தில் தெரிந்தால் அவை உண்மை. அவை தெரியாததால் எஞ்சின் நல்லது என்று ஆகிவிடாது. படம் வேண்டாததைக் கழித்துக் கட்டும். மிஞ்சுவதைக் கையாலும் மீட்டராலும் தண்ணீரிலும்தான் தீர்மானிக்க வேண்டும்.

பின்நீரில் எஞ்சின் வைத்து மீன்பிடிக்க விரும்புபவர் முதலில் மீன்வளத் துறை அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளட்டும். பிறகு இன்றே படகின் பின்பலகையை அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். எஞ்சின் பார்க்கப் போகும் நாளில் பையில் ஒரு டேப், ஒரு வெள்ளைத் துணி, ஒரு ப்ளக் ஸ்பேனர், ஒரு கம்ப்ரஷன் மீட்டர் இருக்கட்டும். குளிர்ந்த எஞ்சின் உங்கள் கண்முன் தண்ணீரில் கிளம்பிப் பத்து நிமிடம் ஓடிய பிறகு மட்டும் பணத்தை எடுங்கள்.